டீடெய்ல் ஸ்கேன் அறிக்கையில் "சாஃப்ட் மார்க்கர்": இதயத்தில் வெண்புள்ளி என்று எழுதியிருந்தால் எப்படிப் படிப்பது?

ஜெலுத்தோங்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு வயது 32; இது எங்கள் முதல் குழந்தை. 20 வாரம் 5 நாளில் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் டீடெய்ல் ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையின் முடிவில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: "இதயத்தின் இடது கீழறையில் பிரகாசமான புள்ளி ஒன்று தெரிகிறது. இது டவுன் சின்ட்ரோமுக்கான சாஃப்ட் மார்க்கர். வெளிப்படையான வேறு குறைபாடு காணப்படவில்லை. ஆலோசனை பெறவும்." மருத்துவர் அன்று அவசரத்தில் இருந்தார், விரும்பினால் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம் என்று மட்டும் சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

12-ஆவது வாரத்தில் இரத்தப் பரிசோதனையையும் கழுத்துப் பின்புற நீர் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, டவுன் சின்ட்ரோமுக்கான வாய்ப்பு 1,860-இல் ஒன்று என்று சொல்லியிருந்தார்கள். அந்த எண் இப்போது என்னவாகிறது? மனைவி சரியாகத் தூங்குவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டர்வொர்த் அத்தை

தம்பி, கவலைப்படாதீர்கள். என் அண்ணன் மகளின் குழந்தைக்கும் இதயத்தில் ஓட்டை என்றுதான் சொன்னார்கள். இரண்டு வயதுக்குள் அது தானாகவே மூடிக்கொண்டது. உங்கள் குழந்தைக்கும் மூடிவிடும். பிறந்த பிறகு ஒரு முறை எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ராஜன்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் எங்கள் இரண்டாவது குழந்தையின்போது இதே சொல்லைக் கேட்டதால் நிறையப் படித்தேன். 2013-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, இந்த வெண்புள்ளி தெரிந்தால் வாய்ப்பை 5.83 மடங்கு பெருக்க வேண்டும். அப்படியானால் 1,860-இல் ஒன்று என்பது ஏறத்தாழ 320-இல் ஒன்றாக மாறுகிறது. பல மருத்துவமனைகள் மேற்பரிசோதனைக்கு வைத்திருக்கும் எல்லைக்கு அது அருகில் வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னதில் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், பனிக்குட நீரை எடுக்கும் ஊசிக்குப் போவதற்கு முன் தாயின் இரத்தத்தில் உள்ள டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அதில் நல்ல முடிவு வந்தால் குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

ஸ்கேன்மேசை

நான் கோலாலம்பூரில் கர்ப்பகால ஸ்கேன் எடுப்பதையே வேலையாகச் செய்து வருகிறேன். சாஃப்ட் மார்க்கர் என்பது தானே ஒரு குறை அன்று, குரோமோசோம் கோளாற்றின் வாய்ப்பைக் கூட்டிக் காட்டக்கூடிய ஓர் அடையாளம். மேலே வந்த இரண்டு பதில்களிலும் திருத்த வேண்டியவை உள்ளன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அத்தைக்கு: வெண்புள்ளிக்கும் ஓட்டைக்கும் தொடர்பே இல்லை. இதயத்தின் கீழறைக்குள் வால்வின் நாண்களைப் பிடித்து இழுக்கும் சிறிய தசைமுனைகள் உண்டு. அவற்றில் சுண்ணாம்புச்சத்து மிக நுண்ணிய அளவில் படிந்திருந்தால் ஒலியலை அங்கே பலமாகத் திரும்பி வந்து, திரையில் எலும்புக்கு நிகரான வெண்மையாகத் தெரியும். பெரும்பாலும் இடது கீழறையில்தான் இருக்கும். இதயம் இயங்கும் விதத்தை அது எவ்வகையிலும் பாதிப்பதில்லை. மூடிக்கொள்வதற்கு அங்கே எதுவும் திறந்திருக்கவில்லை. பிறந்த பிறகு இதற்காக மட்டும் எக்கோ எடுக்கவும் தேவையில்லை.

இரண்டாவது, ராஜன் அவர்களின் கணக்கு. எண்ணைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அதே ஆய்வில் இருந்த இன்னொரு எண்ணை விட்டுவிட்டீர்கள். 5.83 என்பது வெண்புள்ளி தெரிந்த எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது கிடைத்தது. அவர்களுள் சிலருக்குக் கழுத்துப் பின்புறத் தோல் தடித்திருக்கலாம், சிலருக்கு மூக்கெலும்பு தெரியாமல் இருந்திருக்கலாம், சிலருக்கு இதயத்திலேயே குறைபாடு இருந்திருக்கலாம். அந்தச் சுமை முழுவதும் வெண்புள்ளியின் கணக்கில் ஏறிவிடுகிறது. மற்ற எதுவும் இல்லாமல் வெண்புள்ளி மட்டும் தனித்திருந்தால் பெருக்க வேண்டிய எண் 0.95. அதாவது 1,860-இல் ஒன்று என்பது ஏறத்தாழ 1,960-இல் ஒன்றாகிறது. நடைமுறையில் எதுவும் மாறவில்லை.

ஏன் இப்படி என்றால், மற்ற அடையாளங்களைத் தேடிப் பார்த்து அவை இல்லை என்று உறுதி செய்வதும் ஒரு தகவல்தான். ஒவ்வொன்றும் இல்லாமல் இருப்பது வாய்ப்பைச் சற்றுக் குறைக்கிறது. ஒன்று இருப்பது கூட்டுகிறது. இரண்டும் கழிந்து பழைய இடத்திலேயே நிற்கிறோம். இதே கணக்கை, மூக்கெலும்பு இல்லை அல்லது மிகச் சிறியது என்ற ஒரே அடையாளம் கொண்ட குழந்தைக்குச் செய்தால் பெருக்கும் எண் 6.58, 1,860 என்பது 280-ஐ ஒட்டி வந்துவிடும். கழுத்துத் தோல் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்திருந்தால் 3.79, அது 490-இல் கொண்டுபோய் விடும். ஆகவே "சாஃப்ட் மார்க்கர்" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் பெற்றோரைக் குழப்புகிறது. பெயர் ஒன்று, எடை வெவ்வேறு.

ஜெலுத்தோங்வாசி, உங்களிடம் ஒரு கேள்வி. அறிக்கையின் முதல் பக்கத்தில் உறுப்புகளின் பட்டியல் இருக்கும். அதில் இதயத்துக்கு எதிரே என்னென்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? கழுத்துத் தோல், மூக்கெலும்பு ஆகியவற்றுக்கு எதிரே எண்கள் உள்ளனவா?

செந்தூல் தாய்

என் அனுபவத்தையும் சொல்லலாமா? எனக்கு வெண்புள்ளி இல்லை. குழந்தையின் இடது சிறுநீரகத்தின் உட்குழி 20 வாரத்தில் 5 மில்லிமீட்டர் விரிந்திருப்பதாகச் சொன்னார்கள். அதையும் சாஃப்ட் மார்க்கர் என்றே அழைத்தார்கள். நான் குரோமோசோம் பற்றியே யோசித்து யோசித்து இரண்டு மாதங்களை வீணாக்கினேன். 32-ஆவது வாரத்தில் மறுபடி அளந்தபோது 6 மில்லிமீட்டர். எண் கூடிவிட்டதே என்று அழுதுகொண்டே வெளியே வந்தேன். பிறகுதான் தாதி ஒருவர், அந்த மாதத்தில் 7-க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று நிதானமாக விளக்கினார். இப்போது மகனுக்கு மூன்று வயது. சிறுநீரகத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை. எனவே உங்களுக்கும் ஒன்றும் ஆகாது.

ஸ்கேன்மேசை

செந்தூல் தாய் அவர்களே, உங்கள் குழந்தை நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் உங்கள் அனுபவத்தை அவருக்கு அப்படியே பொருத்த முடியாது. சிறுநீரக உட்குழி விரிவில் இரண்டு தனித்தனிச் செய்திகள் உள்ளன. குரோமோசோம் பக்கம் அது தனித்திருக்கும்போது ஏறத்தாழ எதையும் மாற்றுவதில்லை. சிறுநீரகப் பக்கம், பிற்காலத்தில் அடைப்போ, சிறுநீர் பின்னோக்கிப் பாய்வதோ இருக்கிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் 4 மில்லிமீட்டர், அதற்குப் பின் 7 மில்லிமீட்டர் என்று எல்லை மாறுவதும் குழந்தை வளர்வதால்தான். உங்களுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாத வேதனை வந்திருக்காது. குடல் எலும்பைப் போல் வெண்மையாகத் தெரிவதும் இந்த வகையில் சேரும். அங்கே குழந்தை விழுங்கிய இரத்தம், சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, வளர்ச்சிக் குறைவு என்று பார்க்க வேண்டிய காரணங்கள் உண்டு. இதய வெண்புள்ளிக்கு இரண்டாவது செய்தியே கிடையாது.

பிரிக்பீல்ட்ஸ் ராஜன்

0.95 என்பதை நான் கவனிக்கவில்லை; விளக்கியதற்கு நன்றி. அப்படியானால் எனக்கு எதிர்க்கேள்வி ஒன்று எழுகிறது. இங்கிலாந்தின் தேசியத் திட்டத்தில் 2009 முதலே இந்த வெண்புள்ளியை அறிக்கையில் குறிப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எதையும் மாற்றாத ஒன்றை இங்கே ஏன் எழுதி மக்களைக் கலங்கடிக்க வேண்டும்? அறிக்கை எழுதியவர் பழைய பாடத்திலேயே நிற்கிறார் என்பதுதானே பொருள்?

செராஸ் மருத்துவர்

நான் குடும்ப மருத்துவர். ஸ்கேன் நிபுணர் அல்லன். ராஜன் அவர்களின் ஒப்பீட்டில் ஒரு விடுபாடு இருக்கிறது. இங்கிலாந்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் முன்கூட்டியே டவுன் சின்ட்ரோமுக்கான சோதனை வழங்கப்படுகிறது. ஆகவே 20-ஆவது வாரத்தில் வெண்புள்ளி புதிதாக எதையும் சொல்வதில்லை. நம் நாட்டில் அப்படி எல்லாருக்கும் பொதுவான திட்டம் இல்லை. அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் இளஞ்சிவப்புக் கர்ப்பகாலப் புத்தகத்தோடு வரும் தாய்மார்களுள் பலர் எந்தச் சோதனையும் செய்யாமலேயே 20 வாரத்தை அடைகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே தொடக்க எண் வயதுதான்; 32 வயதில் அது பிறப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 700-இல் ஒன்று. அத்தகைய ஒருவரிடம் வெண்புள்ளி தெரிந்தால், "இதுவரை சோதனை செய்யவில்லையே, இப்போது இரத்தச் சோதனை செய்துகொள்ள விருப்பமா?" என்று கேட்க அது ஒரு வாய்ப்பு. அமெரிக்கத் தாய்–சேய் மருத்துவச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் இதே கோட்டில்தான் பிரிக்கிறது: முந்தைய சோதனை நல்லபடியாக இருந்தால் மேற்கொண்டு எதுவும் வேண்டாம், சோதனையே இல்லையென்றால் தாயின் இரத்தத்தின் வழியே செய்யும் சோதனையைப் பற்றிப் பேசுங்கள்.

இந்த இழையைத் தொடங்கியவர் முதல் வகை. அவருக்கு இருக்க வேண்டிய உரையாடலை இரண்டாம் வகைக்குரிய சொற்களில் நடத்திவிட்டார்கள் என்பதே என் கருத்து. 12 வார முடிவு வேறொரு கிளினிக்கில் எடுத்ததாக இருந்தால், ஸ்கேன் எழுதியவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

ராஜன் அவர்களின் முதல் பதிவில் இன்னொன்று: தாயின் இரத்தத்தில் டி.என்.ஏ. பார்க்கும் சோதனை முக்கியமாக 21, 18, 13 ஆகிய குரோமோசோம்களைத்தான் தேடுகிறது. அதில் நல்ல முடிவு வந்தவருடைய குழந்தைக்கும் உதடு பிளந்திருக்கலாம், முதுகெலும்பு மூடாமல் இருக்கலாம். ஆகவே "எந்தக் குறையும் இல்லை" என்று அதைப் படிக்கக் கூடாது.

ஜெலுத்தோங்வாசி

ஸ்கேன்மேசை அக்கா கேட்டதற்காக அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 12 வாரச் சோதனை உண்மையிலேயே ஜார்ஜ்டவுனில் வேறொரு கிளினிக்கில் எடுத்தது. அந்தத் தாளை ஸ்கேன் அன்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. முதல் பக்கத்தில் கழுத்துத் தோல் 3.9 மில்லிமீட்டர், மூக்கெலும்பு தெரிகிறது, மூளையின் பக்கவறை 6.2 மில்லிமீட்டர், இரு சிறுநீரகங்களும் இயல்பு, குடல் இயல்பு, தொப்புள்கொடியில் மூன்று குழாய்கள் என்று உள்ளது. இதயத்துக்கு எதிரே "நான்கு அறைத் தோற்றம் இயல்பு, வெளியேறும் குழாய்களும் மூன்று குழாய்த் தோற்றமும் குழந்தையின் நிலை காரணமாகத் தெளிவாகத் தெரியவில்லை" என்று சிறிய எழுத்தில் உள்ளது. இதைப் பற்றி எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இது முக்கியமானதா?

ஸ்கேன்மேசை

உங்கள் அறிக்கையில் கவனிக்க வேண்டிய வரி அதுதான். வெண்புள்ளியைப் பற்றிய வரி கண்ணைக் கவர்ந்ததால் இது மறைந்துவிட்டது.

பயப்படாமல் படியுங்கள். குறை இருப்பதாக அங்கே எழுதவில்லை. பார்த்து முடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. நான்கு அறைத் தோற்றம் என்பது இதயத்தைக் குறுக்காக வெட்டியது போன்ற ஒரு படம். இரண்டு மேலறை, இரண்டு கீழறை, நடுச்சுவர், இரண்டு வால்வுகள் ஆகியவை அதில் தெரியும். இதயத்தை விட்டு வெளியேறும் பெருங்குழாய்கள் அதில் தெரியாது. அங்கிருந்து ஆய்கருவியைத் தலைப்பக்கமாக மெல்லச் சாய்த்தால், இடது கீழறையிலிருந்து மகாதமனியும் வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனியும் கிளம்பி, ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதைப் பார்க்க வேண்டும். குறுக்கிடாமல் இரண்டும் இணையாகச் சென்றால் குழாய்கள் இடம் மாறியிருக்கக்கூடும். அந்தக் குறைபாட்டில் நான்கு அறைத் தோற்றம் பெரும்பாலும் முற்றிலும் இயல்பாகவே இருக்கும் என்பதால்தான் இந்த இரண்டாவது படம் அவசியமாகிறது. இன்னும் சற்று மேலே போனால் நுரையீரல் தமனி, மகாதமனி, மேற்பெருஞ்சிரை என்று மூன்று குழாய்கள் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு வரிசையில் தெரியும். அந்த வரிசை குலைந்தால் மகாதமனி குறுகல் போன்றவற்றைச் சந்தேகிப்போம். முன்கூட்டியே தெரிந்தால், கோலாலம்பூரின் தேசிய இருதயக் கழகம் போன்ற சிகிச்சை மையம் எட்டும் தூரத்தில் பிரசவத்தைத் திட்டமிட முடியும். தெரியாமல் போனால் பிறந்த முதல் நாட்களிலேயே குழந்தை நீலம்பாரித்து அவசர நிலைக்கு வரலாம். 20-ஆவது வார ஸ்கேனின் பெரிய பயன்களுள் இதுவும் ஒன்று.

உங்கள் குழந்தையின் முதுகு மேற்பக்கம் திரும்பியிருந்திருக்கும். விலா எலும்புகளின் நிழல் இதயத்தின் மேல் விழுந்தால் எவ்வளவு திறமையானவர் எடுத்தாலும் குழாய்கள் தெரியாது. அப்போது தாயை அரை மணி நேரம் நடந்துவிட்டு வரச் சொல்வோம். அதற்கும் குழந்தை திரும்பாவிட்டால் ஒன்றிரண்டு வாரங்களில் மறுபடி அழைப்போம். அந்த மறு அழைப்பு உங்கள் அறிக்கையில் எழுதப்படவில்லை. நீங்களே தொலைபேசியில் கேட்டு, இதயத்தின் வெளியேறும் குழாய்களை மட்டும் பார்க்க 23 வாரத்துக்குள் ஒரு நேரம் வாங்குங்கள். 12 வார முடிவுத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.

"வேறு குறைபாடு காணப்படவில்லை" என்ற வரியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பார்க்க முடிந்தவற்றுள் இல்லை என்பதே அதன் பொருள். வெண்புள்ளி தனித்திருக்கிறது என்று நான் மேலே சொன்ன கணக்கும், குழாய்கள் இயல்பு என்று உறுதியானால்தான் முழுமை பெறும்.

பிரிக்பீல்ட்ஸ் ராஜன்

ஒரு சந்தேகம். அந்த வெண்புள்ளி உண்மையிலேயே வெண்புள்ளிதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எங்கள் குழந்தையின்போது முதல் ஸ்கேனில் இருக்கிறது என்றார்கள், இரண்டாவது இடத்தில் இல்லை என்றார்கள்.

ஸ்கேன்மேசை

அது அடிக்கடி நடப்பதுதான். திரையின் பிரகாசத்தைக் கூட்டி வைத்தால் சாதாரணத் தசைநாண்கூட மின்னும். பக்கத்திலுள்ள விலா எலும்பு மட்டும் தெரியும் அளவுக்குப் பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அப்போதும் புள்ளி எலும்போடு சேர்ந்து நின்றால்தான் அதை எழுதலாம். இரண்டு வெவ்வேறு கோணங்களிலும் தெரிய வேண்டும். ஒரே கோணத்தில் மட்டும் மின்னினால் அது ஒலியலை நேராகப்பட்டுத் திரும்பிய பளபளப்பாக இருக்கலாம். வலது கீழறையில் இயல்பாகவே குறுக்கே ஓடும் ஒரு தசைக்கட்டும் புதியவர்களை ஏமாற்றும். ஆசியத் தாய்மார்களின் குழந்தைகளிடம் இந்தப் புள்ளி மற்றவர்களைவிட அதிகமாகத் தெரிகிறது என்பதும் பதிவான செய்தி. எங்கள் அறையில் இது தெரியாத வாரமே கிடையாது.

செராஸ் மருத்துவர்

அறிக்கையில் இதை எழுதலாமா என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். என்னைக் கேட்டால் எழுதலாம். ஆனால் வேறு விதமாக. "இடது கீழறையில் தனித்த வெண்புள்ளி, முந்தைய சோதனையில் வாய்ப்பு குறைவாக உள்ள தாய்க்கு இது இயல்பு வேறுபாடு, இதற்காக மேற்பரிசோதனை தேவையில்லை" என்று எழுதினால் போதும். டவுன் சின்ட்ரோம் என்ற பெயரை எண் எதுவும் இல்லாமல் தனியாக நிறுத்துவதுதான் தீங்கு செய்கிறது. பனிக்குட நீர் சோதனையில் கருச்சிதைவு வாய்ப்பு மிகச் சிறியதுதான், 200-இல் ஒன்றைத் தாண்டாது என்றே பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் 1,960-இல் ஒன்றைத் தேடுவதற்காக அதை ஏற்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்கேன்மேசை

இந்த இடத்தில் நான் மருத்துவரோடு ஒத்துப்போகவில்லை. முந்தைய சோதனை நன்றாக இருக்கும் தாய்க்கு அந்த வரியையே எழுதக் கூடாது என்பது என் நிலை. "இயல்பு வேறுபாடு" என்று எவ்வளவு மென்மையாக எழுதினாலும், வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடினால் முதலில் வருவது டவுன் சின்ட்ரோம்தான்.

செராஸ் மருத்துவர்

எழுதாமல் விட்டு, அடுத்த ஸ்கேனில் வேறொருவர் அதைப் பார்த்துச் சொன்னால், முதலாமவர் மறைத்துவிட்டார் என்றே பெற்றோர் நினைப்பார்கள். என்னிடம் அப்படி வந்து கோபப்பட்டவர்கள் உண்டு. படத்தில் இருப்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்காமல் விடும் உரிமை நமக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

செந்தூல் தாய்

தாயாகச் சொல்கிறேன், எனக்கு எழுதித்தான் தர வேண்டும். ஆனால் எழுதியவரே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசவும் வேண்டும்.

ஜெலுத்தோங்வாசி

மருத்துவமனையை அழைத்தேன். வரும் புதன்கிழமை மறு ஸ்கேனுக்கு நேரம் தந்திருக்கிறார்கள். அன்று 21 வாரம் 6 நாள் ஆகியிருக்கும். வெளியேறும் குழாய்களைப் பார்க்கவே வருகிறோம் என்று சொன்னதும், வரவேற்பில் இருந்தவர் மூத்த மருத்துவரிடமே பதிவு செய்தார். ஊசிச் சோதனை வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அனைவருக்கும் நன்றி.

ஆயர் ஈத்தாம் புதுமுகம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தங்கைக்கு 19 வாரத்தில், குழந்தையின் மூளையில் கோராய்டு பிளெக்ஸஸ் நீர்ப்பை என்று எழுதியிருக்கிறார்கள். இரு பக்கமும் இருக்கிறதாம். இதுவும் மேலே சொன்ன வெண்புள்ளி மாதிரி விட்டுவிடக்கூடியதுதானா?

ஸ்கேன்மேசை

பெரும்பாலும் ஆம், அது மூளைத் திசுவில் உள்ள கட்டி அன்று, ஏறத்தாழ 28 வாரத்துக்குள் தானாக மறைந்துவிடும். ஒரு பக்கமா இரு பக்கமா என்பதும் அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் அது தொடர்புபடுவது டவுன் சின்ட்ரோமுக்குக் காரணமான 21-ஆவது குரோமோசோமோடு அன்று, 18-ஆவது குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கோளாறோடு. அந்தக் கோளாறுள்ள குழந்தைகளிடம் பெரும்பாலும் வேறு குறைகளும் ஸ்கேனில் தெரியும். குறிப்பாக இதயத்திலும், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடங்கி இறுகிய கைகளிலும். உங்கள் தங்கையின் அறிக்கையில் இரு கைகளும் விரிந்து மூடுவதைப் பார்த்ததாக ஒரு வரி இருக்கிறதா? முந்தைய சோதனை ஏதும் செய்திருக்கிறாரா? இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.